மாதா மாதமா, மூன்று மாதத்துக்கு ஒருமுறையா?

ஆன்லைனில் விற்கும் சிறு வியாபாரிகளுக்கு வீட்டிலிருந்தபடியே பில் தயாரித்து, ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்து கொடுக்கிறேன். புதிதாக வருகிறவரோடு முதலில் பேசி முடிவு செய்வது இதைத்தான்: மாதத் தாக்கலா, காலாண்டுத் தாக்கலா? ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டாதவர் எதையும் தேர்ந்தெடுக்கலாம்.

மாத முறையில், அடுத்த மாதம் 11-க்குள் விற்பனை விவரம் காட்டும் GSTR-1, 20-க்குள் வரிக் கணக்கு காட்டிக் கட்டும் GSTR-3B. வருடத்துக்கு 24 ரிட்டர்ன். காலாண்டு முறையில் 8 தான். தமிழ்நாட்டில் காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 13, 22 ஆகியவை கடைசித் தேதிகள். முதல் இரண்டு மாதங்களுக்கு வரியை மட்டும் அடுத்த மாதம் 25-க்குள் PMT-06 சலானில் கட்ட வேண்டும். போன காலாண்டில் ரொக்கமாகக் கட்டியதில் 35 சதவீதம் கட்டினால் போதும்.

வேலை குறைவு, எனக்குக் கட்டணமும் குறைவு. ஆனால் அந்த 35 சதவீதத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கரூரிலிருந்து படுக்கை விரிப்பு விற்பவர் ஜூலை முதல் செப்டம்பர் வரைக்கு 40,000 ரூபாய் கட்டினார் என்று வைத்துக்கொள்வோம். அக்டோபருக்கும் நவம்பருக்கும் தலா 14,000 சலான் வரும். தீபாவளி விற்பனையால் அந்தக் காலாண்டின் வரி 90,000 ஆகிவிட்டால், மீதி 62,000 ஜனவரி 22-க்குள் மொத்தமாகக் கட்ட வேண்டியிருக்கும். சலானை நேரத்துக்குக் கட்டியிருந்தால் வட்டி கிடையாது, ஆனால் பணம் அதற்குள் அடுத்த சரக்குக்குப் போயிருக்கும். அதனால் மாதாமாதம் நிஜ வரி எவ்வளவு என்று கணக்குப் போட்டு அனுப்பி, அந்தத் தொகையைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்கிறேன்.

கடைக்காரர்களுக்கும் லாட்ஜ்களுக்கும் மொத்தமாக விற்பவர் என்றால் மாத முறையே நல்லது. வாங்கும்போது கட்டிய வரியைத் தங்கள் வரியில் கழித்துக்கொள்ள, அவர்களுக்கு அந்த உள்ளீட்டு வரி மாதாமாதம் தெரிய வேண்டும். காலாண்டு முறையிலும் முதல் இரண்டு மாத பில்களை அடுத்த மாதம் 13-ம் தேதிக்குள் போர்ட்டலின் IFF வசதியில் ஏற்றலாம்தான், ஆனால் அதைத் தவறவிட்டால் வாங்கியவரிடமிருந்து போன் வந்துவிடும்.

எந்த முறையானாலும் நான் விடாமல் செய்யும் சோதனை ஒன்று உண்டு. விற்பனைத் தளம், திரும்பி வந்த சரக்கைக் கழித்த நிகர விற்பனையில் 0.5 சதவீதத்தை டிசிஎஸ் என்ற வரியாகப் பிடிக்கிறது. அதை 200-ஆல் பெருக்கினால் நிகர விற்பனை வந்துவிடும். ஜூலையில் 1,800 பிடித்திருந்தால் விற்பனை 3,60,000. வியாபாரியின் பட்டியல் 4,20,000 என்று காட்டினால், திரும்பி வந்த 60,000 ரூபாய்ச் சரக்கைக் கழிக்கவில்லை என்று அர்த்தம். அப்படியே தாக்கல் செய்தால் 5 சதவீத வரியில் 3,000 ரூபாய் வீணாகக் கட்டியிருப்போம். அந்த 1,800-ஐயும் போர்ட்டலில் ஏற்றுக்கொண்டால்தான் ரொக்க லெட்ஜருக்கு வரும்.

இதற்காக 5-ம் தேதிக்குள் நான்கு கோப்புகள் கேட்பேன்: விற்பனை அறிக்கை, திரும்பி வந்த சரக்கு அறிக்கை, தளத்தின் கமிஷன் பில், கொள்முதல் பில்கள். அப்புறம், தாக்கல் செய்யும் நேரத்தையும் முன்கூட்டியே பேசி வைத்துவிடுவேன், ஏனென்றால் ஓடிபி அவர் போனுக்குத்தான் போகும்.