செய்திமடல் விளம்பரம்: ஓப்பன் ரேட்டைக் கைவிட்ட பிறகு எதைப் பார்க்கிறேன்

என் மென்பொருளுக்குச் சில வருடங்களாகச் செய்திமடல்களில் பணம் கொடுத்து விளம்பரம் செய்துவருகிறேன். இடம் விற்க வருபவர்கள் முதலில் நீட்டுவது, மடலை எத்தனை சதவீதம் பேர் திறந்தார்கள் என்று சொல்லும் ஓப்பன் ரேட்டைத்தான். நான் அதைப் பார்ப்பதே இல்லை. 2021 செப்டம்பரில் ஐஓஎஸ் 15 வந்ததிலிருந்து, ஆப்பிள் மெயிலில் தனியுரிமைப் பாதுகாப்பை இயக்கியவர்களுக்கு வரும் மடலின் படங்களை, அவர்கள் திறந்தாலும் திறக்காவிட்டாலும், ஆப்பிளின் சர்வரே முன்கூட்டி இறக்கிவிடுகிறது. ஓப்பனை எண்ணுவதும் கண்ணில் படாத ஒரு குட்டிப் படம்தான். ஆப்பிள் மெயில் வாசகர்கள் அதிகம் உள்ள மடலில் அந்த எண் தானாகவே வீங்கிவிடும்.

அதனால் ஒவ்வொரு மடலுக்கும், ஒவ்வொரு இதழுக்கும், இதழுக்குள் ஒவ்வொரு இடத்துக்கும் தனி லிங்க் கொடுக்கிறேன். அது என் சொந்த டொமைனில் இருக்கும். அங்கிருந்துதான் விற்பனைப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவேன்.

```
/go/b-07-top   →  302  →  /?utm_source=b&utm_content=07-top
/go/b-07-text  →  302  →  /?utm_source=b&utm_content=07-text
```

301 வேண்டாம், 302 போதும். 301-ஐ பிரவுசர் நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை என் சர்வரைக் கேட்காமலே நேரே போய்விடும். அந்த கிளிக் பதிவாகாது. சொந்த டொமைன் என்பதால் கிளிக் நடந்த நொடி, ஐபி முகவரி, எந்த பிரவுசர் என்று எல்லாமே என் பதிவேட்டில் இருக்கும்.

அந்த நொடிதான் முக்கியம். அலுவலக மின்னஞ்சல்களுக்கு முன்னால் நிற்கும் பாதுகாப்பு மென்பொருள்கள், மடல் வந்ததுமே அதிலுள்ள லிங்க்குகளைத் தாங்களே திறந்து சோதிக்கின்றன. மடலை அனுப்பிய நேரத்தைக் கேட்டு வாங்கி (பெரிய மடல்கள் பகுதி பகுதியாகப் போகும், அதையும் கேளுங்கள்) கிளிக்குகளை நிமிடவாரியாக அடுக்கினால் இது வெளிப்படும். முதல் ஓரிரு நிமிடத்தில் கொத்தாக வருகிறதா, ஒரே ஐபியிலிருந்து மேல் லிங்க்கும் எழுத்து லிங்க்கும் ஒரே நொடியில் திறக்கிறதா என்று பார்ப்பேன். மனிதர் யாரும் அப்படித் தட்டமாட்டார். ஆனால் சீக்கிரம் வந்தது என்பதற்காக மட்டும் ஒரு கிளிக்கைத் தள்ளுவதில்லை. மடலுக்காகக் காத்திருக்கும் வாசகரும் உண்டு. அதன் பிறகு பக்கத்தில் எந்த அசைவும் இல்லை என்றால்தான் கழிப்பேன்.

ஒரே கட்டணம் கொடுத்த இரண்டு மடல்களை எடுத்துக்கொள்வோம். ‘அ’ மடல் 400 கிளிக் கொடுத்தது, ‘ஆ’ 110. பார்த்தவுடன் ‘அ’தான் ஜெயித்தது என்று தோன்றும். அதில் 260 முதல் இரண்டு நிமிடத்தில் வந்து, எதையும் தொடாமல் போனவை. மிச்சம் 140. ‘ஆ’வில் அப்படிக் கழிந்தவை 12 மட்டுமே, மற்ற 98 மூன்று நாட்களில் மெல்லக் குறைந்துகொண்டே வந்தன. லிங்க் வழியாக வந்த விற்பனை: ‘அ’ 4, ‘ஆ’ 5.

இங்கேயே நிறுத்தினால் இரண்டும் சமம் என்று முடிவெடுத்திருப்பேன். பணம் கட்டிய பின் வரும் நன்றிப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி வைத்திருக்கிறேன்: “எங்களைப் பற்றி முதலில் எங்கே தெரிந்துகொண்டீர்கள்?” பணம் கட்டுவதற்கு முன் கேட்டால் சிலர் பாதியில் போய்விடுவார்கள். ‘ஆ’வின் பெயரைச் சொன்னவர்கள் 11 பேர், அதில் 3 பேர் ஏற்கெனவே லிங்க் கணக்கில் இருந்தவர்கள். ஆர்டர் எண்ணை வைத்து இரட்டிப்பை நீக்கினால் 5 + 11 − 3, ஆக 13. ‘அ’வைச் சொன்னவர்கள் 3 பேர், 2 பேர் இரட்டிப்பு, ஆக 5. ‘ஆ’வின் வாசகர்கள் போனில் படித்துவிட்டு, பிறகு கணினியில் பெயரைத் தேடி வந்திருக்கிறார்கள். எந்த லிங்க்கும் இதைக் காட்டாது.

இந்தக் கேள்வியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பமுடியாது. மனிதர்கள் மறப்பார்கள், பட்டியலில் முதலில் இருப்பதைத் தட்டிவிட்டுப் போவார்கள். அதனால் விடைகளின் வரிசையை ஒவ்வொருவருக்கும் கலைத்துக் காட்டுகிறேன். நான் ஒருபோதும் விளம்பரம் தராத ஒரு மடலின் பெயரையும் நடுவில் சேர்த்திருக்கிறேன். அதைத் தேர்ந்தெடுப்பவர்களின் எண்ணிக்கைதான் குத்துமதிப்பாகச் சொல்பவர்களின் அளவு. அது ஒன்றிரண்டாக இருக்கும்வரை ‘அ’வின் 3-ஐப் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டேன், ‘ஆ’வின் 11-ஐ நம்புவேன்.

தள்ளுபடி கூப்பனைச் சிலர் பரிந்துரைப்பார்கள். கூப்பன் திரட்டும் தளங்களுக்கு அது கசிந்ததும் யாருடைய வாசகர் எங்கிருந்து வந்தார் என்பதே குழம்பிவிடும்; விட்டுவிட்டேன்.

13-க்கும் 5-க்கும் உள்ள இடைவெளிகூட ஒரு இதழில் தற்செயலாக வரக்கூடியதுதான். அதனால் ‘ஆ’வில் வேறொரு வாரத்தில், வேறு வாசகத்துடன், புது லிங்க்கில் இன்னொரு இடம் வாங்கினேன். ‘அ’ மடல்காரரிடம் அடுத்த ஒப்பந்தத்துக்கு ஒரே நிபந்தனை வைத்தேன்: கிளிக் எண்ணிக்கைக்குக் காசு கேட்டால், முதல் சில நிமிடக் கொத்தைக் கழித்துவிட்டுக் கேளுங்கள் என்று.