ஸ்பானிஷில் 'விட': கேயா, தேயா?

ஸ்பானிஷில் 'விட' என்பதற்கு இரண்டு சொற்கள்: கே, தே. ஆளோடு ஆளை ஒப்பிட்டால் கே: 'ஆனா எஸ் மாஸ் ஆல்தா கே லூயிஸ்', ஆனா லூயிஸை விட உயரம். எண் வந்தால் தே: 'தெங்கோ மாஸ் தே தியெஸ் எவுரோஸ்', என்னிடம் பத்து யூரோவுக்கு மேல் இருக்கிறது. நாமும் இங்கே 'விட' என்பதை விட்டு 'மேல்' என்றுதானே சொல்கிறோம்? அதையே பிடித்துக்கொள்ளலாம்.

வம்பு எதிர்மறையில்தான். 'நோ தெங்கோ மாஸ் தே தியெஸ்' என்றால் பத்துக்கு மேல் இல்லை, ஏழும் இருக்கலாம். தே இருந்த இடத்தில் கே போட்டால், பத்துதான் இருக்கிறது, சரியாகப் பத்து. கடையில் பேரம் பேசும்போது இந்த ஓரெழுத்து முக்கியம்.

மெஹோர் (இன்னும் நல்லது), பெஓர் (இன்னும் மோசம்) இரண்டும் கேயோடுதான் வரும். 'மாஸ்' உள்ளேயே இருப்பதால் 'மாஸ் மெஹோர்' தப்பு. ஆனால் குணத்தில் நல்லவர் என்றால் 'மாஸ் புவேனோ' சொல்வதுண்டு. பின்னால் முழு வாக்கியம் வந்தால் மறுபடி தே: 'மெஹோர் தே லோ கே பென்ஸாபா', நான் நினைத்ததை விட நன்று.

அப்புறம், 'மாட்ரிட்டிலேயே சிறந்த காபி'யிலும் தேதான்: 'எல் மெஹோர் கஃபே தே மாட்ரிட்'. 'இல்' என்று நினைத்து 'என்' போட்டுவிடுவோம்.