வாடகை மனைவி பெயரில், வட்டி கணவர் பெயரில்: ரீஃபண்டில் பங்கு கேட்பவரிடம் கணக்கைக் கொடுக்காதீர்கள்

கணவன் மனைவி இருவர் பெயரிலும் வீடு வாங்கி, அதை வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்தவர் கிரயப் பத்திரத்தைக் கேட்டதே இல்லை. திரும்பக் கிடைக்கும் வரியில் 10 சதவீதம் கட்டணம் என்று பேசி வாங்கிக்கொண்டார். அவர் செய்து வைத்த கணக்குக்கு இப்போது வரித்துறையிடம் நாங்கள்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

தாம்பரத்தில் இருக்கும் அந்த அடுக்குமாடி வீட்டின் கிரயப் பத்திரத்தில் என் கணவருக்கு 60 சதவீதம், எனக்கு 40 சதவீதம் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. என் பங்குக்கான முன்பணம் என் சேமிப்பிலிருந்து போனது. வங்கிக் கடனிலும் இருவரும் கடன்தாரர்கள். நாங்கள் திருச்சியில் மாமனார் வீட்டில் இருப்பதால் அந்த வீட்டை மாதம் 30,000 ரூபாய்க்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். என் கணவர் 30 சதவீத வரி விகிதத்தில் வருகிறார். நான் தனியார் பள்ளி ஆசிரியை, ஆண்டுச் சம்பளம் 4 லட்சம். 2023-24 நிதியாண்டுக்கு இருவருமே பழைய வரிமுறையைத்தான் தேர்ந்தெடுத்தோம்.

அந்த மனிதர் செய்தது இதுதான். வாடகை முழுவதையும் என் பெயரில் காட்டினார். என் சம்பளம் குறைவு என்பதால், 80சி கழிவும் தள்ளுபடியும் போக எனக்கு வரி எதுவும் வராது. வீட்டில் நாங்களே குடியிருப்பதுபோல் காட்டி, அதற்குரிய உச்சவரம்பான 2 லட்சம் ரூபாய் வட்டியைக் கணவர் பெயரில் கழித்தார். ஒரே வீடு, ஒரே ஆண்டில், என் கணக்கில் வாடகை வீடு, அவர் கணக்கில் சொந்தக் குடியிருப்பு! என் கணவருக்கு 62,400 ரூபாய் ரீஃபண்ட் வந்தது. அந்த மனிதர் 6,240 ரூபாய் வாங்கிக்கொண்டார். கணக்கீட்டுத் தாளைக் கேட்டபோது, “எல்லாம் சரியாக இருக்கிறது மேடம், பணம்தான் வந்துவிட்டதே” என்று சொல்லி முடித்துவிட்டார்.

சட்டம் இதற்கு இடம் கொடுக்கவில்லை. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி, உரிமையாளர்களின் பங்கு நிச்சயமாகத் தெரியும்போது, அவரவர் பங்குக்கு உரிய வருமானம் அவரவர் கணக்கில்தான் வர வேண்டும். வாடகை யார் வங்கிக் கணக்கில் விழுகிறது என்பதோ, யாருக்கு வரி குறைவு என்பதோ இதைத் தீர்மானிப்பதில்லை. வீட்டு வாடகையை ஒருவருக்கும் வட்டியை இன்னொருவருக்கும் பிரித்துக்கொள்வது கணவன் மனைவி பேசி முடிவு செய்கிற விஷயமே அல்ல.

எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு வாடகை 3,60,000 ரூபாய். நாங்கள் கட்டிய சொத்து வரி 10,000 ரூபாயைக் கழித்தால் 3,50,000. இதில் என் கணவரின் 60 சதவீதப் பங்கு 2,10,000. பராமரிப்புக்கென்று சட்டம் தரும் 30 சதவீதக் கழிவு 63,000. அந்த ஆண்டு கடன் வட்டி 4,20,000 ரூபாயில் அவர் பங்கு 2,52,000. ஆக, வீட்டு வகையில் அவருக்கு 1,05,000 ரூபாய் நட்டம். இதே வரிசையில் போட்டால் எனக்கு 70,000 ரூபாய் நட்டம்.

வாடகைக்கு விட்ட வீட்டுக்கு வட்டிக் கழிவில் உச்சவரம்பு கிடையாது. வீட்டு நட்டத்தைச் சம்பளம் போன்ற மற்ற வருமானத்தில் கழிப்பதற்குத்தான் ஆண்டுக்கு 2 லட்சம் என்ற எல்லை உண்டு. மீதியை அடுத்த 8 ஆண்டுகளுக்கு வீட்டு வருமானத்தில் மட்டும் கழித்துக்கொள்ளலாம். அந்த 2 லட்சம் தலைக்குத் தனித்தனி என்பதால், நேர்மையாகப் பிரித்தாலே கூட்டு உரிமையில் பயன் இருக்கிறது. ஆனால் இது பழைய வரிமுறைக்கு மட்டும். புதிய வரிமுறையில் வீட்டு நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்கவும் முடியாது, அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. எந்த முறை லாபம் என்று பார்க்கும்போது இதையும் சேர்த்துப் பாருங்கள்.

சரியான கணக்கில் என் கணவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய ரீஃபண்ட் 32,760 ரூபாய். எனக்கு அப்போதும் வரி கிடையாது. கூடுதலாக வந்த 29,640 ரூபாய், அந்த மனிதர் தன் கட்டணத்தை ஏற்றிக்கொள்வதற்காகவே உண்டாக்கிய தொகை என்றுதான் நான் சொல்வேன்.

குட்டு எப்படி வெளிப்பட்டது தெரியுமா? எங்கள் குடித்தனக்காரர் தன் அலுவலகத்தில் வீட்டு வாடகைப் படிக் கழிவு கோருகிறார். ஆண்டு வாடகை ஒரு லட்சத்துக்கு மேல் போனால் வீட்டு உரிமையாளரின் பான் எண்ணைத் தர வேண்டும். வாடகையைக் கணவரின் வங்கிக் கணக்குக்கு அனுப்புவதால் அவருடைய எண்ணைக் கொடுத்திருந்தார். அது குடித்தனக்காரரின் நிறுவனப் படிவம் வழியாக வரித்துறைக்குப் போய், என் கணவரின் வருடாந்திரத் தகவல் அறிக்கையில் வாடகை வருமானமாகப் பதிவாகிவிட்டது. சொந்தக் குடியிருப்பு என்று கணக்குக் காட்டியவர் பெயரில் 3,60,000 ரூபாய் வாடகை! வரித்துறை விளக்கம் கேட்டு அனுப்பிய மின்னஞ்சல்கள் எங்களுக்கு வரவே இல்லை. இணையதளத்தில் எங்கள் மின்னஞ்சல் முகவரிக்குப் பதிலாகத் தன் முகவரியை அந்த மனிதர் பதிந்து வைத்திருந்தார். கடிதங்களைப் பார்த்தும் வாய் திறக்கவில்லை. என்னை மிகவும் கொதிக்க வைத்தது இதுதான்.

இப்போது வேறொரு பட்டயக் கணக்காளரின் உதவியோடு கணவருக்குப் புதுப்பிக்கப்பட்ட ரிட்டர்ன் தாக்கல் செய்திருக்கிறோம். கூடுதலாக வாங்கிய 29,640 ரூபாய், அதற்கான வட்டி, இரண்டையும் கூட்டிய தொகையில் இன்னொரு 25 சதவீதம். வட்டியைச் சேர்க்காமலே 37,050 ரூபாய் ஆகிறது. துறை தானாகக் கண்டுபிடித்து, தவறாகக் காட்டிய வருமானம் என்று முடிவுகட்டினால், அபராதம் அந்த வரியின் இரு மடங்கு வரை போகலாம். இன்னொன்றும் உண்டு. என் நிலையில் இருக்கும் மனைவி தனக்குச் சேராத வாடகைக்கு வரி கட்டியிருந்தால், புதுப்பிக்கப்பட்ட ரிட்டர்ன் மூலம் அதைத் திரும்பப் பெற முடியாது. வரி கூடினால் மட்டுமே அதற்கு வழி இருக்கிறது.

உங்கள் ரிட்டர்னைத் திறந்து வீட்டு வருமானப் பகுதியைப் பாருங்கள். கூட்டு உரிமை உண்டா என்ற இடத்தில் ‘இல்லை’ என்று இருந்தாலோ, மற்றவரின் பான் எண்ணும் பங்குச் சதவீதமும் இல்லாமல் இருந்தாலோ, கணக்கு தவறு. வங்கி தரும் வட்டிச் சான்றிதழ் மொத்தத் தொகையைத்தான் காட்டும், பிரித்துக் காட்டாது. பிரிப்பது பத்திரத்தின்படி. பத்திரத்தில் பங்கு எழுதவில்லை என்றால், வாங்கும்போது அவரவர் போட்ட பணத்தின் விகிதம். அதற்கும் ஆதாரம் இல்லையென்றால் சமபங்கு என்று சொத்து மாற்றுச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. கடனில் பெயர் இருந்து பத்திரத்தில் இல்லாதவருக்கு வட்டிக் கழிவு கிடையாது. மனைவியின் பங்கையும் கணவரே பணம் கொடுத்து வாங்கியிருந்தால், அந்தப் பங்கின் வருமானமும் கணவர் கணக்கில்தான் சேரும்.

நாங்கள் இப்போது வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயரையும் பான் எண்ணையும் பங்கையும் எழுதியிருக்கிறோம். குடித்தனக்காரர் எனக்கு 12,000, கணவருக்கு 18,000 என்று தனித்தனியாக அனுப்புகிறார். மாதத் தவணை கணவர் கணக்கிலிருந்து போவதால், என் 40 சதவீதத்தை அவர் கணக்குக்கு மாதாமாதம் மாற்றிவிடுகிறேன். என் பங்கு வட்டியை நான்தான் கட்டினேன் என்பதற்கு அதுவே சான்று.

ரீஃபண்டில் சதவீதம் பேசும் ஆளிடம் 2023-24 கணக்கைக் கொடுத்தவர்கள் இன்றே இணையதளத்தில் நுழைந்து, பதிந்திருக்கும் மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். திருத்த வேண்டியிருந்தால் தள்ளிப்போடாதீர்கள். அந்தக் கூடுதல் 25 சதவீதம் 2026 மார்ச் 31 வரைக்கும்தான், அதன்பின் 50.