பி-ட்ரீ, ஹாஷ், பிரின்: நேர வரம்பில் தேடும் அட்டவணைக்கு எது?

சிங்கப்பூரில் பார்சல் விநியோகம் செய்யும் ஒரு நிறுவனத்தின் தரவுத்தளத்தைப் பராமரிப்பது என் வேலை. ஒவ்வொரு பார்சலும் கிடங்கில், வண்டியில், வீட்டு வாசலில் ஸ்கேன் செய்யப்படும்போது ஓர் அட்டவணையில் ஒரு பதிவு விழுகிறது. இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 1 கோடி பதிவுகள். அதன்மீது வரும் கேள்விகளில் பெரும்பாலானவை "இந்த நேரத்திலிருந்து அந்த நேரம் வரை" என்ற வகை. 11.11 விற்பனையன்று மாலை ஆறு முதல் ஒன்பது வரை ஜூரோங்கில் என்ன நடந்தது என்று மேலாளர் கேட்பார். வாடிக்கையாளர் சேவைப் பிரிவும் அப்படித்தான் கேட்கும்.

பதிவுகளை விரைவாகத் தேட உதவும் இண்டெக்ஸ்களில் அந்த நேரப் பத்திக்கு எது என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. எங்கள் தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸ் தரும் வகைகளில் மூன்றை வைத்துப் பார்த்தேன். நான் எடுத்தது பி-ட்ரீ. இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

ஹாஷை முதலில் முடித்துவிடலாம். ஹாஷ் இண்டெக்ஸ் மதிப்பை ஒரு 4 பைட் எண்ணாக மாற்றி, அந்த எண்ணுக்குரிய வாளியில் போடுகிறது. 18:00-வும் 18:01-ம் எங்கெங்கோ போய் விழும். அண்டை மதிப்புகள் என்ற உறவே அங்கே இல்லை. அதனால் `=` என்று கேட்டால்தான் அது பயன்படும். `>=` என்று கேட்டால், இண்டெக்ஸ் இருந்தும் `EXPLAIN` உங்களுக்கு `Seq Scan` என்றே காட்டும், அதாவது அட்டவணை முழுதும் படிக்கப்படும். நீளமான இணைய முகவரிகளைச் சமத்துக்கு மட்டும் தேடும் பத்தியில் அது இடத்தை மிச்சப்படுத்தும் என்பது உண்மை. பெரிய சுமையில் அதை நெடுநாள் ஓட்டிய அனுபவம் எனக்கு இல்லை. எனவே அதன் வேகத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். நேர வரம்புக்கு அது போட்டியில் இல்லை, அவ்வளவுதான்.

பி-ட்ரீயை ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் போயிங் ஆய்வகத்தில் இருந்தபோது உருவாக்கினார்கள். அவர்களுடைய கட்டுரை 1972-ல் வெளிவந்தது. போஸ்ட்கிரெஸில் இருப்பது அதிலிருந்து வளர்ந்த வடிவம். சாவிகள், அதாவது தேடப்படும் பத்தியின் மதிப்புகள், எல்லாம் வரிசை குலையாமல் அடிமட்ட இலைப் பக்கங்களில் இருக்கும். மேலே உள்ள பக்கங்கள் எந்த இலை எந்த மதிப்பில் தொடங்குகிறது என்று வழிகாட்டும். ஒவ்வோர் இலையும் தனக்கு வலப்பக்கத்து இலை எது என்பதைக் குறித்து வைத்திருக்கும்.

எங்கள் கேள்வியையே எடுத்துக்கொள்வோம்.

```sql
CREATE INDEX scan_time_idx ON parcel_scans (scanned_at);

SELECT parcel_no, hub_id
FROM parcel_scans
WHERE scanned_at >= '2024-11-11 18:00+08'
  AND scanned_at <  '2024-11-11 21:00+08';
```

போஸ்ட்கிரெஸில் ஒரு பக்கம் 8 கேபி. நேரச் சாவி 8 பைட். தலைப்புத் தகவலும் சுட்டியும் சேர்ந்து ஒரு சாவிக்கு 20 பைட் ஆகிறது. பக்கம் முழுதும் நிரம்பினால் 407 சாவிகள் கொள்ளும். ஆனால் இண்டெக்ஸை உருவாக்கும்போது 90 சதவீதம் வரைதான் நிரப்புகிறார்கள், அதாவது 366. ஆக 1 கோடி பதிவுகளுக்கு ஏறத்தாழ 27,300 இலைப் பக்கங்கள். அவற்றுக்கு மேலே ஏறத்தாழ நூறு வழிகாட்டிப் பக்கங்கள், உச்சியில் ஒரே ஒரு வேர்ப் பக்கம். மொத்தமே மூன்று மட்டங்கள்தாம்.

தேடல் வேரிலிருந்து இறங்கி, 18:00 மணி இருக்கவேண்டிய இலையை மூன்றாவது பக்கத்திலேயே அடைந்துவிடுகிறது. அதன்பின் மேலே ஏற வேண்டியதில்லை. வலப்பக்கச் சுட்டியைப் பிடித்துக்கொண்டு இலை இலையாக நகர்ந்து, 21:00-ஐத் தொடும் முதல் சாவியைக் கண்டதும் நின்றுவிடுகிறது. அந்த மூன்று மணி நேரத்தில் 4,000 ஸ்கேன் என்று கொண்டால், படிக்கும் இலைகள் பதினொன்றோ பன்னிரண்டோதான். அட்டவணையோ, ஒரு பதிவுக்கு 100 பைட் வைத்தாலும், 1,25,000 பக்கம், கிட்டத்தட்ட 1 ஜிபி. அதை முழுதும் புரட்டுவதற்குப் பதிலாகப் பதினான்கு இண்டெக்ஸ் பக்கங்கள், பிறகு பதிவுகள் இருக்கும் அட்டவணைப் பக்கங்கள் ஐம்பது வாக்கில்.

இவ்வளவும் சாவிகள் ஒழுங்காக இருக்கும்வரைதான் நடக்கும். அந்த ஒழுங்கைக் கட்டிக் காப்பதற்கு ஆகும் செலவுதான் என் முடிவைத் தீர்மானித்த விஷயம். ஏனென்றால் எங்கள் சாவிகள் எல்லாமே வரிசையாக வருவதில்லை.

விநியோக ஊழியர் நிலத்தடிக் கார் நிறுத்துமிடத்தில் நின்று ஸ்கேன் செய்கிறார். அங்கே சிக்னல் கிடைப்பதில்லை. கருவி அந்த ஸ்கேனை 18:42 என்று தன்னிடமே வைத்திருந்து, வெளியே வந்தபின், சில நேரம் கிடங்குக்குத் திரும்பிய பின், இரவு பதினொன்றுக்கு அனுப்புகிறது. இப்போது 18:42 என்ற சாவி வலக்கோடியில் சேராது. ஏற்கெனவே இருக்கும் 18:41:50-க்கும் 18:42:10-க்கும் நடுவில் அது உட்கார வேண்டும்.

பி-ட்ரீ இதைச் சமாளிக்கும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். இலைப் பக்கத்துக்குள் சாவிகளின் உடல் எந்த ஒழுங்கிலும் கிடக்கலாம். ஒழுங்கு இருப்பது பக்கத்தின் தலையில் உள்ள 4 பைட் சுட்டிகளில். புதுச் சாவி வந்தால் அதன் உடலைக் காலி இடத்தில் போட்டுவிட்டு, அதற்குரிய சுட்டியைச் சரியான இடத்தில் செருகினால் போதும். அதற்குப் பின்னால் உள்ள சுட்டிகள் மட்டும் ஓரிடம் நகரும். 90 சதவீதம் நிரம்பிய இலையில் இன்னும் நாற்பது சாவிகளுக்கு இடம் உண்டு. தாமதமாக வரும் ஸ்கேன்களில் பெரும்பாலானவை அந்த இடைவெளியிலேயே அடங்கிவிடுகின்றன.

இடம் தீர்ந்துவிட்டால் இலை இரண்டாகப் பிளக்கிறது. பாதிச் சாவிகள் வலப்பக்கத்தில் உருவாகும் புதிய பக்கத்துக்குப் போகின்றன, சுட்டிகள் திருத்தப்படுகின்றன, புதிய பக்கம் எந்த மதிப்பில் தொடங்குகிறது என்ற எல்லைச் சாவி தாய்ப் பக்கத்தில் சேர்கிறது. தாயும் நிரம்பியிருந்தால் அதுவும் பிளக்கும். வேரே பிளந்தால்தான் ஒரு மட்டம் கூடும். இந்த மரம் வேர்ப் பக்கமாகவே உயர்வதால் எல்லா இலைகளும் எப்போதும் ஒரே ஆழத்தில் இருக்கின்றன. எந்த நேரத்தைக் கேட்டாலும் இறங்கும் தூரம் ஒன்றுதான்.

பிளவுக்கு விலை உண்டு. பிளந்த இரு பக்கங்களும் பாதி காலியாக நிற்கும். நேரம்போல் ஏறுமுகமாக வரும் சாவியில் இது பெரிதாகத் தெரியாது. வலக்கோடிப் பக்கம் பிளக்கும்போது இடப்பக்கத்தை 90 சதவீதம் நிரப்பி விட்டுவிடும் அளவுக்குப் போஸ்ட்கிரெஸ் கவனமாக இருக்கிறது. எங்கு வேண்டுமானாலும் விழும் சாவியில்தான் தொல்லை. எங்களுடைய இன்னோர் அட்டவணையின் சாவி தற்செயலாக உருவாகும் பழைய `uuid` வகை. அங்கே பிளவு எல்லா இலைகளிலும் நடக்கிறது, நிரப்பளவு 70 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. `pgstattuple` நீட்சியை நிறுவியிருந்தால் இதை நேரடியாகவே பார்க்கலாம்:

```sql
SELECT avg_leaf_density, leaf_fragmentation
FROM pgstatindex('scan_time_idx');
```

முதல் எண் 90-க்கு அருகில் இருந்தால் கவலையில்லை. ஐம்பதுக்குக் கீழே போனால் `REINDEX INDEX CONCURRENTLY` செய்யலாம். அட்டவணையில் எழுதுவதை அது நிறுத்தி வைக்காது. பதிவுகளை நீக்குவதிலும் வரிசை உதவுகிறது. போஸ்ட்கிரெஸ் அரைகுறையாகக் காலியான இரண்டு இலைகளை ஒன்றாக்குவதில்லை. முழுதும் காலியான இலையைத்தான் மீட்டுக்கொள்கிறது. பழைய மாதத்தை மொத்தமாக நீக்கும்போது அடுத்தடுத்த இலைகள் முழுசாகக் காலியாவதால் இடம் திரும்பக் கிடைக்கிறது.

இதே அளவுகோலில்தான் பிரின் எனக்குத் தோற்றது. அதன் யோசனை அழகானது. அட்டவணையை 128 பக்கங்கள் கொண்ட தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் உள்ள மிகச் சிறிய நேரத்தையும் மிகப் பெரிய நேரத்தையும் மட்டும் குறித்து வைக்கிறது. 1 ஜிபி அட்டவணைக்கு ஆயிரம் குறிப்புகள் போதும். பி-ட்ரீ 200 எம்பிக்கு மேல் எடுக்கும் இடத்தில் இது சில பக்கங்களில் முடிந்துவிடும். பதிவுகள் நேர ஒழுங்கிலேயே வட்டில் இருந்தால் எங்கள் மூன்று மணி நேரக் கேள்விக்கு ஒன்றிரண்டு தொகுதிகளைப் படித்தால் போதும்.

ஆனால் பிரின் எதையும் ஒழுங்குபடுத்துவதில்லை. வட்டில் இருக்கும் ஒழுங்கை நம்பியிருக்கிறது. ஒரு பார்சல் ஒரு மாதம் கழித்துத் திரும்பி வருகிறது, அதன் பழைய பதிவைத் திருத்துகிறோம். போஸ்ட்கிரெஸில் திருத்தம் என்றால் பதிவின் புதிய பிரதியை எழுதுவது. பழைய பக்கத்தில் இடமில்லையென்றால் அது அட்டவணையின் கடைசியில் போய் விழலாம். அந்த ஒரு பதிவால் கடைசித் தொகுதியின் குறைந்தபட்ச நேரம் ஒரு மாதம் பின்னுக்குப் போகிறது. எங்களுக்கு நாள்தோறும் திரும்பும் பார்சல்கள் உண்டு என்பதால், ஏறத்தாழ எல்லாத் தொகுதிகளும் இப்படி ஒரு மாத அகலத்துக்கு விரிந்துவிடும். ஒரு தொகுதியில் 10,000 பதிவுகள், நாளுக்கு 14,000 என்று கணக்கிட்டால், மூன்று மணி நேரக் கேள்வி நாற்பதுக்கு மேற்பட்ட தொகுதிகளை, அதாவது ஐயாயிரம் பக்கங்களுக்கு மேல் படிக்க நேரும். அந்தப் பதிவு பிறகு அங்கிருந்து நீங்கினாலும் விரிந்த எல்லை தானாகச் சுருங்காது.

இதே திருத்தம் பி-ட்ரீயில் செய்வது என்ன? சாவி தன் இடத்தில்தான் இருக்கும். அந்தப் பதிவுக்கு மட்டும் கூடுதலாக ஓர் அட்டவணைப் பக்கத்தைத் தொட வேண்டியிருக்கும். ஒழுங்கு எவ்வளவு குலைந்திருக்கிறது என்று `pg_stats` காட்சியில் `correlation` பத்தியைப் பார்க்கலாம். 1-ஐ ஒட்டி இருந்தால் பிரினுக்கு நல்ல காலம். எழுதிய பதிவைத் திரும்பத் தொடாத பதிவேட்டு அட்டவணைக்குப் பிரினையே பரிந்துரைப்பேன். பல நூறு ஜிபி அளவில் நான் அதை இயக்கியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பி-ட்ரீயைத் தேர்ந்தெடுப்பவர்கள் கேள்வியை எழுதும் விதத்தில் ஓர் எச்சரிக்கை. `date(scanned_at) = '2024-11-11'` என்று எழுதினால், வரிசையாக இருப்பது `scanned_at`, கேட்பதோ வேறொரு மதிப்பு, இண்டெக்ஸ் பயன்படாது. நேர மண்டலத்தோடு கூடிய பத்தி என்றால் அந்த `date()` மீது தனியாக இண்டெக்ஸ் போடவும் போஸ்ட்கிரெஸ் அனுமதிக்காது, ஏனென்றால் விடை நேர மண்டலத்தைப் பொறுத்து மாறும். சர்வர் யூடிசி நேரத்தில் ஓடினால் சிங்கப்பூரின் ஒரு நாள் அங்கே முந்தைய நாள் 16:00-க்குத் தொடங்குகிறது. மேலே காட்டியதுபோல் இரு எல்லைகளையும் `+08` போட்டு எழுதுவதே சரி.

இறுதியில் நாங்கள் வைத்துக்கொண்டது இரண்டு பத்திகளைக் கொண்ட பி-ட்ரீ: முதலில் `hub_id`, பிறகு `scanned_at`. இந்த முறையில் ஜூரோங் நிலையத்தின் சாவிகள் எல்லாம் அடுத்தடுத்து, தமக்குள் நேர வரிசையில் இருக்கின்றன; ஆறு மணிக்கு இறங்கி ஒன்பதுக்கு நின்றுவிடலாம். மாற்றிப் போட்டால் அந்த மூன்று மணி நேரத்தில் தீவு முழுவதும் நடந்த ஸ்கேன்களைக் கடந்துதான் ஜூரோங்கைப் பொறுக்க வேண்டும். நிலையத்தைக் குறிப்பிடாத நேரக் கேள்விகளும் வந்துகொண்டிருப்பதால், தனி `scanned_at` இண்டெக்ஸையும் நீக்காமல் வைத்திருக்கிறோம்.