காந்தம் ஒட்டிருச்சு, சார்ஜ் ஏறிரும்னு நம்பி 1030 ரூபா விட்ட கதை

பெங்களூரு எஸ்பி ரோடு பக்கம் வாட்ச் சார்ஜர் வாங்கப் போறவங்க இத படிச்சிட்டு போங்க. கடை பேரு போடல, அந்த சந்துல அதே மாதிரி பத்து கடை இருக்கு.

அப்பாவுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் குடுத்திருந்தேன், காலைல வாக்கிங் போனா எத்தன அடி நடந்தோம்னு பாக்கறது அவருக்கு ஒரு சந்தோஷம். போன மாசம் சேலம் போனவரு கேபிள சித்தப்பா வீட்டு ப்ளக்லயே விட்டுட்டு வந்துட்டாரு, போன் பண்ணி கேட்டா நாங்க பாக்கவே இல்லைங்கறாங்க. சரி ஒரு கேபிள்தானேன்னு சனிக்கிழம எஸ்பி ரோடு போனேன்.

கடைக்காரரு நான் போன்ல பேசுறத கேட்டுட்டு "எந்த ஊரு சார், சேலமா, நமக்கு தர்மபுரி"ன்னாரு. அங்கயே நான் பாதி கவுந்துட்டேன். வாட்ச திருப்பி பாத்தாரு, பின்னாடி ரெண்டு பொட்டு. "ரெண்டு பின்தானே சார், எல்லாம் ஒண்ணுதான்"னு தொங்கிட்டிருந்த கட்டுல இருந்து ஒண்ண உருவி வச்சாரு. டப்புன்னு காந்தம் புடிச்சிச்சு, ஸ்கிரீன்ல சார்ஜிங் குறியும் வந்திச்சு. 180 ரூபா குடுத்துட்டு வந்துட்டேன்.

வீட்ல வந்து மாட்டினா வாட்ச் டுர்ருங்குது, சார்ஜ் குறி வருது, ரெண்டு நிமிஷத்துல போகுது, மேஜ ஆடினா திரும்ப டுர்ருங்குது. ராத்திரி 34 பர்சென்ட்ல மாட்டி வச்சது காலைல 11. சார்ஜ்ல போட்டா எப்படிடா குறையும்னு எனக்கு ஒண்ணும் புரியல. ஒவ்வொரு தடவையும் குறி வரும்போது ஸ்கிரீன் எரிஞ்சு மோட்டார் அதிர்ந்து இருந்த சார்ஜையும் தின்னிருக்குன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

திரும்ப கடைக்கு போனேன். அவரு கட்டவிரல வச்சு கொஞ்சம் ஒரு பக்கமா அழுத்துனாரு, சார்ஜ் ஏறுது, விரல எடுத்தா போயிருது. "பாத்தீங்களா, கேபிள் வேல செய்யுது, பேட்டரிதான் சார்ஜ் புடிக்கல"ன்னாரு. இங்கதான் நான் ஏமாந்தது. விரல வச்சா ஏறி எடுத்தா நிக்குதுன்னா அது தொடுற எடத்துல இருக்கற கோளாறு, பேட்டரிக்கு விரல் வச்சது எப்படி தெரியும்? அப்ப தோணல. 850 ரூபா பேட்டரிக்கு, அர மணி நேரத்துல மாத்தி 80 பர்சென்ட்ல கைல குடுத்தாரு. நாலு நாள் ஓடிச்சு, அஞ்சாவது நாள் சார்ஜ் போட்டா பழைய கதையேதான். அப்ப அந்த 80 பர்சென்ட் எதுல ஏத்துனாரு? சரியான கேபிள் அவரு ட்ராயர்லயே இருந்திருக்கணும்!

எங்க மேல் வீட்டுல ஒரு தம்பி எலக்ட்ரானிக்ஸ் கம்பெனில டெஸ்டிங்ல இருக்காப்ல. அவர்தான் டிஜிட்டல் காலிப்பர் எடுத்துட்டு வந்து அளந்தாரு. "அண்ணே, பின் எத்தனன்னு மட்டும் பாத்தா போதாது, நடுவுக்கு நடு எவ்வளவுன்னு பாக்கணும்"னாரு. ரெண்டு பொட்டோட நடுவ கண்ணால புடிக்க முடியாது, அதனால ஒரு பொட்டோட இடது ஓரத்துல இருந்து அடுத்த பொட்டோட இடது ஓரம் வரைக்கும் அளந்தா அதுவே நடுவுக்கு நடு தூரம். வாட்ச்ல 4 எம்எம். கேபிள்ல 2.84. கடைங்கள்ல விக்கற ரெண்டு பின் கேபிள்ல இந்த ரெண்டு சைஸும்தான் அதிகமா இருக்குமாம், வெளிய பிளாஸ்டிக் ஒரே மாதிரி இருந்தா கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது.

அப்ப எப்படி அப்பப்ப ஏறிச்சுன்னு கேட்டேன். பேப்பர்ல வரஞ்சு காட்டுனாரு. வாட்ச்ல இருக்கற பொட்டு ஒவ்வொண்ணும் 1.5 எம்எம் அகலம், அதாவது ரெண்டு பொட்டுக்கும் நடு மையத்துல இருந்து 1.25ல ஆரம்பிச்சு 2.75ல முடியுது. கேபிளோட பின் மையத்துல இருந்து 1.42ல இருக்கு. பொட்டோட உள் ஓரத்துல 0.17 எம்எம் மட்டும் தொட்டுட்டு நிக்குது. கேபிள் ஒரு முடி அளவு இந்தப் பக்கம் நகந்தா ஒரு பின் பொட்ட விட்டு எறங்கிரும், சார்ஜ் கட். காந்தம் புடிக்கறது கேபிள நிறுத்தறதுக்கு மட்டும்தான், பின் எங்க உக்காருதுன்னு அதுக்கு தெரியாது.

காலிப்பர் இல்லன்னா பள்ளிக்கூட ஸ்கேல பக்கத்துல வச்சு நேரா மேல இருந்து போட்டோ எடுத்து பெருசாக்கி பாருங்க, 2.84க்கும் 4க்கும் உள்ள வித்தியாசம் நல்லாவே தெரியும். நாலு பின் வாங்கறவங்களுக்கு இன்னொண்ணு, அதுல 7.62ன்னு போட்டிருக்கறது மொத பின்ல இருந்து கடைசி பின் வரைக்கும், நடுவுல ஒவ்வொரு இடைவெளியும் 2.54. பக்கத்து பின்னுக்கு 7.62ன்னு நெனச்சு குழம்பிக்காதீங்க.

வாட்ச தொறந்து பாத்தப்பதான் வயிறு எரிஞ்சுது. பேட்டரி மேல அச்சடிச்ச வருஷம் 2022, வாட்ச் பெட்டில இருக்கற அதே வருஷம். மாத்தவே இல்ல! மூடிய நெம்பி தொறந்துட்டு ஏதோ சாதா பசைய தடவி ஒட்டியிருக்காரு, தண்ணி உள்ள போகாம இருக்க சுத்தி ஒட்டியிருந்த பழைய பசையெல்லாம் கிழிஞ்சு கெடக்கு.

சரி, 4 எம்எம் கேபிள் ஆன்லைன்ல 220க்கு வரவழச்சேன். வாட்ச்ல மாட்டறதுக்குள்ள தம்பி கைல இருந்து புடுங்கிட்டாரு, ப்ளஸ் எந்தப் பக்கம்னு பாக்காம மாட்டாதீங்கன்னு. எங்க ஆபீஸ்ல ஒருத்தர்கிட்ட அதே மாடல் இருக்கு, அவரோட ஒரிஜினல் கேபிள ஒரு நாள் வாங்கிட்டு வந்தேன். மொதல்ல ரெண்டு கேபிளையும் கரண்ட் இல்லாம வாட்ச்ல ஒட்டவிட்டு பட்டன் பக்கம் வர்ற பின் எதுன்னு மார்க்கர்ல குறிச்சோம், அப்புறம் வாட்ச எடுத்துட்டு யூஎஸ்பில சொருகி மல்டிமீட்டர் வச்சோம். ஒரிஜினல்ல பட்டன் பக்கத்து பின்ல ப்ளஸ், 5.1 வோல்ட். புதுசுல அதே பின் மைனஸ். கேபிள்ல காந்தம் ஒரு பக்கம் வடக்கு ஒரு பக்கம் தெற்கு, அது ஒரு தெசைல மட்டும்தான் ஒட்டும், தப்பி போட முடியாம இருக்கத்தான் அந்த ஏற்பாடே. ஆனா அந்த காந்தத்தையே மாத்தி வச்சு செஞ்சா தப்பா மட்டும்தான் ஒட்டும். சில வாட்ச்ல தலைகீழா வந்தா தடுக்க உள்ள பாதுகாப்பு இருக்கும், சும்மா சார்ஜ் ஏறாம நிக்கும். இல்லாத வாட்ச்னா போர்டு போயிரும். பின்ல மல்டிமீட்டர் குச்சி வைக்கும்போது ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு இடிக்காம பாத்துக்குங்க.

ரிட்டர்ன் போட்டு மாத்தி வாங்குனா அதுவும் அப்படியேதான் இருந்துச்சு. கடைசில தம்பியே கேபிள நடுவுல வெட்டி செவப்பு கருப்பு ஒயர மாத்தி சால்டர் பண்ணி ட்யூப் போட்டுக் குடுத்தாரு. இப்ப ராத்திரி போட்டா காலைல 100. வேற எந்த வாட்ச்லயும் யாரும் மாட்டிரக் கூடாதுன்னு கேபிள்ல செவப்பு டேப் சுத்தி அப்பா பேர எழுதி வச்சிருக்கேன்.

பேட்டரி போட்டோவோட கடைக்கு போனேன். "அது கம்பெனி பழைய ஸ்டாக் சார்"ங்கறாரு. பில் கேட்டா நான் வாங்கலயாம், அது என் தப்புதான். சத்தம் போட்டதுல 300 ரூபா திரும்ப வந்துச்சு. அந்த கேபிள் கட்டு அங்கயேதான் தொங்குது, மேல "எல்லா வாட்சுக்கும்"னு கைல எழுதின அட்ட. அப்பா இப்ப மூஞ்சி கழுவப் போனாலும் வாட்ச கழட்டி ஜன்னல்ல வச்சிட்டுத்தான் போறாரு.