போட்டோவில் நேரமும் இடமும் அச்சாகி வந்ததை நம்பி 48,600 ரூபாய் கொடுத்தேன்

கோவையில் ஒன்பது சின்ன அபார்ட்மெண்ட்களின் பராமரிப்பைப் பார்த்துக்கொள்கிறேன். ஜெனரேட்டர்களை மாதம் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, பேட்டரி, ஆயில், கூலண்ட் சரிபார்க்கும் வேலையை ஒரு ஏஜென்சியிடம் விட்டிருந்தேன். சைட்டுக்கு 1,800 ரூபாய். ஆள் போனதற்கு அத்தாட்சியாக வாட்ஸ்அப்பில் போட்டோ வரும். கீழே குட்டி மேப், முகவரி, Lat, Long, தேதி, நேரம். எல்லாம் பளிச்சென்று இருக்கும். மூன்று மாதம் பில்லைப் பாஸ் செய்தேன்.

ஏப்ரலில் ஒரு ராத்திரி கரண்ட் போனது. ஒரு சைட்டில் ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை. போய்ப் பார்த்தால் பேட்டரி டெர்மினல் முழுக்க வெள்ளைப் பூத்துக் கிடந்தது. ஒரு மாதத்தில் அவ்வளவு பூக்காது என்று மெக்கானிக் சொன்னதும்தான் எனக்கு உறைத்தது. மூன்று மாதத்துப் போட்டோக்களையும் அன்றே வரிசையாக வைத்துப் பார்த்தேன்.

முதலில் மாட்டியது ஹவர் மீட்டர். ஜெனரேட்டர் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மீட்டர் அது, பேனலிலேயே இருக்கும். போட்டோவைப் பெரிதாக்கினால் ஜனவரியில் 1243.6, பிப்ரவரியில் 1243.6, மார்ச்சிலும் அதே 1243.6. பத்து நிமிடம் ஓட்டியிருந்தாலும் கடைசி இலக்கம் நகர்ந்திருக்கும்.

அடுத்தது நிழல். மார்ச் போட்டோவில் நேரம் மாலை 4:40. அந்த நேரத்தில் சூரியன் மேற்கே இருக்கும், நிழல் கிழக்கே விழ வேண்டும். சைலன்சர் குழாயின் நிழலோ மேற்குக் காம்பவுண்டுச் சுவரில் நீளமாகக் கிடந்தது. காலையில் எடுத்த படம்.

மூன்றாவதாக Lat, Long. மூன்று மாதமும் ஆறு தசம இலக்கமும் மாறாமல் ஒன்றாகவே இருந்தன. ஆறாவது இலக்கம் என்றால் சுமார் 11 சென்டிமீட்டர். போன் ஜிபிஎஸ் திறந்தவெளியிலேயே சில மீட்டர் முன்னே பின்னே காட்டும். ஒரே இடத்தில் நின்று இரண்டு தடவை எடுத்தாலும் கடைசி இலக்கங்கள் ஆடும். ஆடவே இல்லை என்றால், யாரோ கையால் போட்ட இடம் அது.

சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன். “என்னங்க சார், போட்டோவுலயே லொகேஷன் இருக்கே” என்றார். ஒரிஜினல் ஃபைலை அனுப்பச் சொன்னேன். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்துக்குள் இருக்கும் எடுத்த நேரம், இடம் போன்ற விவரங்கள் அழிந்துவிடும். Document ஆக அனுப்பினால் தங்கும். லேப்டாப்பில், அந்த விவரங்களைப் படித்துக் காட்டும் exiftool என்ற புரோகிராமில் இதைப் போட்டேன்:

```
exiftool -DateTimeOriginal -GPSDateTime march.jpg
```

மேலே மார்ச் 11 என்று அச்சான படத்துக்குள்ளே இருந்தது ஜனவரி 9, காலை 10:12. GPSDateTime, அதாவது ஜிபிஎஸ் தரும் UTC நேரம், காலியாக இருந்தது. அது இருக்கும் படங்களில் ஒன்றைக் கவனியுங்கள்: அந்த நேரம் நம் நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் பின்தங்கியே இருக்கும். அதைப் பார்த்து யாரையும் திட்டிவிடாதீர்கள்.

படம் எடுத்த பையன் அப்புறம் தனியாகப் பேசினான். “என்னங்ணா பண்றது, ஒரு நாளைக்குப் பதினோரு சைட்டு சொல்றாங்க.” ஜனவரியில் ஒரே விசிட்டில் பல கோணத்தில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, மாதா மாதம் கேலரியிலிருந்து ஒன்றை எடுத்து, ஆப்பிலேயே தேதியையும் இடத்தையும் மாற்றி அச்சடித்திருக்கிறார்கள். பழைய படத்தின் மேல் அச்சடிக்க விடும் ஆப்கள் நிறைய இருக்கின்றன. அந்தக் கட்டம் ஆப் எழுதிய எழுத்துதான், அத்தாட்சி இல்லை. நூறு நாள் வேலைத்திட்ட வருகைப் பதிவில் போட்டோவையே போட்டோ எடுத்துப் போடுகிறார்கள் என்று ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகம் 2025 ஜூலையில் சுற்றறிக்கையே விட்டது. அது முன்பே என் கண்ணில் பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கோபத்தில் நானும் ஒரு தப்பு செய்யப் பார்த்தேன். வேறொரு பையனின் படத்தில் இடம் அடுத்த தெருவைக் காட்டியது. அவனையும் சேர்த்துத் திட்டக் கிளம்பினேன். அந்த ஜெனரேட்டர் பேஸ்மெண்டில் இருக்கிறது. கான்கிரீட்டுக்குக் கீழே சிக்னல் வராது, போன் தோராயமாக ஒரு இடத்தைப் போடும். அவன் படத்தில் ஹவர் மீட்டர் மாதா மாதம் ஒழுங்காக ஏறியிருந்தது.

இப்போது ஆள் சைட்டுக்குப் போனதும் எனக்குக் கூப்பிட வேண்டும். அப்போது நான் ஒரு நான்கு இலக்க எண் சொல்வேன். அதைப் பேப்பரில் எழுதி ஹவர் மீட்டர் பக்கத்தில் பிடித்து ஒரே ஃப்ரேமில் படம் எடுத்து Document ஆக அனுப்ப வேண்டும். ஓட்டி முடித்ததும் மீட்டரை இன்னொரு படம். ஏஜென்சி ஒரு மாதத் தொகையைக் கழித்துக்கொள்ளச் சொன்னது. மீதி இரண்டு மாதத்துக்கும் புது பேட்டரிக்கும் இன்னும் “அக்கவுண்ட்ஸ்ல சொல்லியிருக்கேன் சார்” தான்.