பிறந்த குழந்தையின் படம்: பெரிய குழுவா, ஸ்டேட்டஸா, சின்னக் குழுவா?

என் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்த அன்று, நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டியதும் மாப்பிள்ளை ஒரு படம் எடுத்தார். எடுத்த வேகத்தில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். குழுவில் 143 பேர். வாழ்த்துகள் குவிந்தன, எல்லோருக்கும் ஆனந்தம். அன்று சாயங்காலம்தான் அந்தப் படத்தை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். குழந்தையின் காலில் கட்டியிருந்த பட்டையில் அம்மாவின் பெயர், உள்நோயாளி எண், பிறந்த தேதி, நேரம் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. அதற்குள் ஒரு சித்தப்பா அதைத் தன் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டார். இன்னொருவர் தன் அலுவலகக் குழுவுக்கு அனுப்பிவிட்டார்.

இரண்டு வருடம் கழித்துத் தம்பிக்குக் குழந்தை பிறந்தபோது வேறு மாதிரி செய்தோம். இரண்டையும் அருகிலிருந்து பார்த்ததால் இதை எழுதுகிறேன்.

முதலில் பெரிய குழு. இதன் பலம் அந்தக் கூட்டத்தின் குதூகலம். நம் ஊரில் கருவிலேயே ஆணா பெண்ணா என்று சொல்வதைச் சட்டம் தடுக்கிறது. அதனால் “என்ன குழந்தை?” என்பதற்குப் பிறந்த பிறகுதான் பதில் கிடைக்கிறது. அந்தப் பதிலை எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டு, ஒருவர் வாழ்த்தை ஒருவர் பார்த்து மகிழ்வதை வேறெந்த வழியும் தராது.

பலவீனம், படம் போன பிறகு அது நம் கையில் இல்லை என்பது. “அனைவருக்கும் நீக்கு” என்ற வசதி சுமார் இரண்டரை நாள்வரை வேலை செய்யும். ஆனால் அதற்குள் யாராவது தனியாகச் சேமித்துவிட்ட படம், வேறு குழுவுக்குப் போய்விட்ட படம், இவற்றை அது தொடாது. தங்கை படத்தை நாங்கள் மறுநாள் நீக்கினோம். குழுவில் மறைந்தது, சித்தப்பாவின் போனில் அப்படியே இருந்தது.

படத்தில் குழந்தை மட்டும் இருப்பதில்லை என்பதும் உண்டு. காலில் பட்டை, கட்டில் தலைமாட்டில் அட்டை, பின்னால் அறை எண், பக்கத்துக் கட்டிலில் பால் கொடுக்கும் இன்னொரு தாய். எடுத்தவர் கண்ணில் குழந்தை மட்டும்தான் படுகிறது. அனுப்புமுன் நான்கு மூலைகளையும் விரலால் பெரிதாக்கிப் பார்க்க அரை நிமிடம் போதும்.

ஸ்டேட்டஸ் எளிது. 24 மணி நேரத்தில் தானே மறைந்துவிடும் என்பதால் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். யார் பார்ப்பார்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பதிந்து வைத்திருக்கும் எண்களில் உறவினரோடு கேஸ்காரர், பழைய வீட்டு ஓனர், எப்போதோ வேலைக்கு வந்த பெயின்டர் எல்லோரும் இருப்பார்கள். அவர்களும் நம் எண்ணைப் பதிந்திருந்தால் குழந்தையின் முகம் அவர்களுக்கும் போகும். அமைப்பில் ‘Only share with’ என்று தேர்ந்து குறிப்பிட்டவர்களுக்கு மட்டும் காட்டலாம்தான். பிரசவ அலைச்சலில் யாரும் அதைச் செய்து நான் பார்த்ததில்லை. ஸ்டேட்டஸைத் திரைப்பிடிப்பு எடுக்கவும் தடையில்லை.

எனக்கு இதில் பெரிய குறையாகப் படுவது வேறு. பல பெரியவர்கள் ஸ்டேட்டஸ் பக்கமே போகமாட்டார்கள். தாய்மாமனும் அத்தையும் அடுத்த வீட்டுக்காரர் சொல்லித் தெரிந்துகொண்டால் அந்த வருத்தம் காதுகுத்து வரைக்கும் ஆறாது. எந்த வழியானாலும் முதல் ஐந்தாறு பேருக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட வேண்டும். இரு பக்கத் தாத்தா பாட்டி, மாமன், அத்தை. அதன் பிறகுதான் குழு.

‘ஒருமுறை மட்டும் பார்க்கும் படம்’ என்று ஒரு வசதி இருக்கிறது. போனில் திரைப்பிடிப்பும் எடுக்க முடியாது, பிறருக்கு அனுப்பவும் முடியாது. கேட்க நன்றாக இருக்கிறது. எங்கள் அப்பத்தாவுக்கு அப்படி அனுப்பினோம். பார்த்தார், மூடினார், பக்கத்து வீட்டு அக்காவிடம் காட்டத் திரும்பத் திறந்தார். இல்லை. “படத்த யாரு அழிச்சது?” என்று அழாத குறை. பாட்டிகளுக்கு ஒரே படத்தை நாற்பது தடவை பார்க்க வேண்டும். அவர்களுக்கு இது பொருந்தாது.

கூகுள் போட்டோஸில் பகிரும் ஆல்பம் பின்னாளில் உதவும், வெளிநாட்டில் இருப்பவர்களுக்குக் குறிப்பாக. இணைப்பு யார் கையில் கிடைத்தாலும் திறக்கும் என்பதால் இணைப்பை அணைத்துவிட்டு ஆட்களைப் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். முதல் நாளுக்கு இது அதிக வேலை.

நாங்கள் தம்பி வீட்டில் செய்தது சேதியையும் படத்தையும் பிரித்தது. பெரிய குழுவுக்கு எழுத்தும் ஒரு ஒலிப்பதிவும். படங்கள் 11 பேர் கொண்ட ஒரு புதுக் குழுவில் மட்டும். பெரிய குழுவில் தம்பி எழுதியது இது:

“எங்களுக்குப் பையன் பிறந்திருக்கிறான். தாயும் சேயும் நலம். உங்கள் எல்லோருடைய வேண்டுதலும் கூட இருந்தது. வீடு வந்து சேர்ந்ததும் நாங்களே கூப்பிடுகிறோம், அதுவரை மருத்துவமனைக்கு வர வேண்டாம். படம் கிடைத்தால் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள், ஸ்டேட்டஸிலோ வேறு குழுவிலோ போட வேண்டாம் என்று அன்போடு கேட்கிறோம். இப்போதைக்கு அவன் குரல்!”

கீழே எட்டு விநாடி அழுகைச் சத்தம். முகமும் இல்லை, பட்டையும் இல்லை. ஆனாலும் அந்தக் குழுவில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. “என்ன தொண்டை, அப்பன் மாதிரியே!” என்று ஒரு பெரியம்மா எழுதினார்.

எடையை வேண்டுமென்றே விட்டோம். பையன் 2.4 கிலோ. இரண்டரைக்குக் கீழ் என்றால் குறைந்த எடை என்று கணக்கு. டாக்டர் பயப்படாதீர்கள் என்று சொல்லியிருந்தார். குழுவில் போட்டிருந்தால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லி, பச்சை உடம்புக்காரியை அழவைத்திருப்பார்கள். பிறந்த நேரத்தையும் விட்டோம். ஜாதகம் எழுதப்போகும் மாமாவுக்கு மட்டும் போனில் சொன்னால் போதும்.

மூன்றாம் நாள் பெரிய குழுவுக்கு ஒரு படம் போனது. அப்பத்தாவின் சுருக்கம் விழுந்த உள்ளங்கையில் பையனின் பாதம், அவ்வளவுதான். முகம் பார்க்க ஆசைப்பட்டவர்களுக்குப் பதினாறாம் நாள் தொட்டிலிடும்போது நேரிலேயே காட்டினோம். கன்னத்தில் மைப்பொட்டு வைத்து, திருஷ்டி கழித்துத்தான் வெளியே கொண்டுவர வேண்டும் என்று அப்பத்தா வைத்த நிபந்தனை எங்களுக்கு வசதியாகவே போயிற்று. “அப்பத்தா வேண்டாம்னாங்க” என்றால் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை.

சின்னக் குழுவிலும் ஒரே ஒரு கட்டுப்பாடு. காலில் போட்டுக் குளிப்பாட்டும் வீடியோ வேண்டாம். அழகுதான், ஆனால் உடையில்லாத குழந்தை அது. எங்கள் 11 பேரைத் தாண்டிப் போகாது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

இத்தனைக்குப் பிறகும் ஒரு தவறு நடந்தது. ஐந்தாம் நாள், சின்னக் குழுவில் இருந்த சித்தப்பா, பையன் தூங்கும் படத்தை ஸ்டேட்டஸில் வைத்துவிட்டார். அதே சித்தப்பாதான். குழுவில் எழுதினால் எல்லோர் முன்னாலும் குத்திக் காட்டியது போலாகும் என்று தம்பி தனியாகப் போன் பண்ணினான். “சித்தப்பா, உங்க சந்தோஷம் புரியுது. அவன் முகம் வெளிய போகவேண்டாம்னு நாங்க ரெண்டு பேரும் பேசி வச்சிருக்கோம். கொஞ்சம் எடுத்துருங்களேன்.” அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “எடுத்துர்றேன்பா. அந்தக் கால் படத்த வச்சுக்கட்டுமா?” என்றார். “தாராளமா வச்சுக்கோங்க சித்தப்பா” என்றான்.